பாட்டியின் செய்தியை குரூப்பில் எப்படிப் போடுவது?

"எனக்கு வயது 36. மும்பை செம்பூரில் நான்காவது மாடி வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டியோடு இருக்கிறேன். பாட்டிக்கு 86 வயது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர், 'இனி நாட்கணக்குதான்' என்கிறார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 64 பேர் இருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு தாத்தா இறந்தபோது ராத்திரி 12.40க்கு என் அண்ணன் முறை ஒருவர் 'தாத்தா இனி இல்லை, நாளை காலை எடுக்கிறோம்' என்று போட்டுவிட்டார். கோவையில் இருக்கும் அத்தை போனை எடுத்துப் பார்த்துத்தான் தன் அப்பா போனதைத் தெரிந்துகொண்டாள். இன்றுவரை அதைச் சொல்லி அழுகிறாள். பாட்டியின் தம்பி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை 'நீயே எழுது' என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார். முன்னாடியே எழுதி வைக்கலாம் என்றால், 'உசிரோட இருக்கறப்பவா எழுதுவ?' என்று அம்மா கோபப்படுகிறாள். அத்தையிடம் 'சீரியஸ்' என்று மட்டும் சொல்லி வரவழைக்கலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. எது சரி? என்ன எழுத வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும்?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டிலேயே கடைசி நாட்களைக் கழிக்கும் நோயாளிகளின் குடும்பங்களோடு பல வருடங்களாக ஆலோசகராக வேலை செய்கிறேன். சாவு வீட்டில் பிறகு வருடக்கணக்கில் பேசப்படும் மனத்தாங்கலைக் கேட்டால், பெரும்பாலும் அது சடங்கைப் பற்றியதாக இருக்காது. "எனக்கு யார் சொன்னா, எப்ப சொன்னா" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் அத்தையின் அழுகையும் அதுதான். அதனால் என்ன எழுதுவது என்பதற்கு முன்னால், யாருக்கு எந்த வரிசையில் சொல்வது என்பதைப் பார்ப்போம்.

'சீரியஸ்' என்ற சொல்லுக்கு இன்றுதான் நேரம்

சித்தப்பாவின் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தந்தி இருந்த காலத்தில் 'சீரியஸ், உடனே கிளம்பு' என்று வந்தால் பாதி வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வழியில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற அக்கறை அது. அன்றைக்கு ரயில் ஏறியவருக்கு வீடு வந்து சேரும்வரை வேறு யாரும் எதுவும் சொல்ல வழியில்லை, அதனால் அந்தப் பொய் நின்றது. இன்று அத்தை கோவை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போதே 64 பேரில் யாராவது ஒருவர் கைகூப்பும் படம் போட்டுவிடுவார். தன் அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு கிளம்பியவளுக்கு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அது தெரியவரும். தாத்தா விஷயத்தில் நடந்ததை விட மோசம் இது.

ஆனால் அந்தச் சொல் இன்று உண்மை. பாட்டி சீரியஸாகத்தான் இருக்கிறார். எனவே இன்றைக்கே அப்பாவோ சித்தப்பாவோ அத்தைக்கு போன் செய்து, "டாக்டர் நாட்கணக்குன்னு சொல்லிட்டார், பாக்கணும்னா இப்ப வா" என்று சொல்லட்டும். பாட்டியின் தம்பிக்கும் அப்படியே. அதன் பிறகு குரூப்பிலும் நிதானமாக நாலு வரி போடுங்கள்: பாட்டியின் நிலைமை இப்படி, வீட்டில்தான் இருக்கிறார், வலியில்லாமல் வைத்திருக்கிறோம், வந்து பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். இதைப் படித்தவர்களுக்கு அடுத்த செய்தி திடீரென்று விழாது.

அத்தையிடம் இன்னொன்றும் கேட்டு வையுங்கள். "ராத்திரி எந்நேரமானாலும் சொல்லட்டுமா, விடிஞ்சதும் சொல்லட்டுமா?" கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் நான் கேட்கச் சொன்ன வீடுகளில் எல்லோருமே பதில் சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் "எந்நேரமானாலும்" என்றுதான்.

எழுதி வைப்பது பற்றி அம்மா சொல்வது

அம்மாவிடம் வாதாட வேண்டாம். பாட்டியை இத்தனை நாள் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கைக்கு, இறந்ததாக ஒரு வாக்கியத்தைப் பார்ப்பது கசக்கத்தான் செய்யும். அவர் சொல்வதை மதித்தே இதைச் செய்ய வழி இருக்கிறது. செய்தியை எழுத வேண்டாம். விவரங்களை மட்டும் ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். முதலில் போன் செய்ய வேண்டிய நாலைந்து பேரின் எண்கள், டாக்டரின் இரவு நேர எண், பாட்டியின் ஆதார் நகல், பாட்டியின் முழுப் பெயர், வீட்டு முகவரி, வீட்டின் லொகேஷன். இதில் அபசகுனமாக ஒரு சொல்லும் இல்லை. அந்த நேரத்தில் கை நடுங்கும்போது தேட வேண்டியிருப்பதும் இவைதான். வாக்கியம் அப்போது தானாக வந்துவிடும். கீழே நான் தரும் மாதிரியை இன்று ஒரு முறை படித்து வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் போன், அப்புறம்தான் குரூப்

குரூப்பில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சொன்ன மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். குரூப் என்பது தூரத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்தான். பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகளில் மிக நெருக்கமானவர்கள் ஆகியோருக்குக் குரல்தான் போக வேண்டும். ஊரில் அந்தக் காலத்தில் ஆளனுப்பி, பங்காளி, சம்பந்தி, தாய்மாமன் என்று வீட்டுக்கு வீடு சாவு சொன்னார்கள் அல்லவா, அதில் ஒரு வரிசை இருந்தது. வாட்ஸ்அப்பில் அந்த வரிசை காணாமல் போய்விட்டது. அதை நாம்தான் கையால் செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டை வைத்தே சொல்கிறேன். பாட்டி அதிகாலை 4.10க்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் போன் டாக்டருக்கு. வீட்டில் நடந்த மரணத்துக்கு, பார்த்துவந்த டாக்டர் நேரில் வந்து பார்த்து இறப்புக்கான காரணச் சான்று எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் மயானத்தில் ஏற்க மாட்டார்கள். அவர் ராத்திரியில் வருவாரா, வராவிட்டால் அவருக்குப் பதில் யார் என்பதை இன்றே கேட்டுவிடுங்கள். அந்தச் சான்றில் பாட்டியின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். பிறகு இறப்புச் சான்றிதழ், வங்கி, பென்ஷன் என்று எல்லாமே அந்த எழுத்தைத்தான் பின்தொடரும்.

இரண்டாவது போன் அத்தைக்கு. நேரடியாக அத்தைக்கு வேண்டாம். முதலில் மாமாவுக்கோ அவர்கள் மகனுக்கோ சொல்லி, அத்தை பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அப்பா அத்தையிடம் பேசட்டும். அப்பாவால் முடியாவிட்டால் நீங்கள் பேசுங்கள். "அத்தை, கஷ்டமான செய்தி. பாட்டி கொஞ்ச நேரம் முன்னாடி போயிட்டாங்க. நாங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தோம்." இவ்வளவுதான். முதல் வாக்கியம் அவரைத் தயார் செய்யும், இரண்டாவது விஷயத்தைச் சொல்லிவிடும். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டாம், அவர் அழட்டும். லைனில் இருங்கள்.

மூன்றாவது போன் அம்பாசமுத்திரத்துக்கு, பாட்டியின் தம்பி வீட்டுக்கு. இதைத்தான் தாத்தா விஷயத்தில் தவற விட்டீர்கள். இந்த முறை அது இன்னும் முக்கியம். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட்ட பிறகே எடுப்பது நம் வழக்கம். அந்த வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று தெரியாமல் நேரத்தை முடிவு செய்யவே கூடாது. ரயில் என்றால் மும்பைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். விமானம் என்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து முதலில் காரில் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். அவருடைய மகனிடம் நேராகக் கேளுங்கள்: "உங்க அப்பாவால வர முடியுமா? நாங்க காத்திருக்கட்டுமா?" வயதானவர், வர முடியாது என்றால், அவர் பெயரில் இங்கேயே சேலை வாங்கி, அந்தப் பக்கத்து உறவு யாராவது மும்பையில் இருந்தால் அவர் கையால் போடச் சொல்லும் வீடுகளும் உண்டு. அதையும் அவரே சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சித்தப்பா வெளியில் இருந்தால் அவருக்கும் போன்.

இவ்வளவும் முடிய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை குரூப் காத்திருக்கலாம். இதை அந்த அண்ணன் முறைக்காரரிடம் இப்போதே அன்பாகச் சொல்லி வையுங்கள். "இந்தத் தடவை நான் போடறேண்ணா, நீங்க வெளியூர்லேருந்து வர்றவங்களோட போனை எடுத்துக்கறீங்களா?" என்று கேளுங்கள். முந்திக்கொண்டு சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது உதவ வேண்டும் என்ற தவிப்பில்தான் அதைச் செய்கிறார்கள். ஒரு வேலை கையில் இருந்தால் அந்தத் தவிப்பு அடங்கும்.

ஒரு செய்தி அல்ல, இரண்டு

நான் பார்த்த குழப்பங்களில் பாதிக்கு மேல், துக்கத்தையும் நேரத்தையும் ஒரே செய்தியில் போட்டதால் வந்தவை. இறந்த செய்தி உடனே உறுதி. எடுக்கும் நேரம் அப்படியல்ல. டாக்டர் சான்று கைக்கு வர வேண்டும், மயானத்தில் நேரம் கிடைக்க வேண்டும், வர வேண்டியவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரிய வேண்டும். ஃப்ரீசர் பெட்டி உங்கள் கட்டட லிஃப்டில் ஏறுமா என்றுகூடப் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களில் பல இடங்களில் ஏறாது. அப்போது கீழே வைக்க சொசைட்டி செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது எதுவும் முடியாமல் 'நாளை காலை' என்று போட்டால் அதன் பிறகு நாலு நேரம் மாறி மாறி வரும்.

முதல் செய்தி இப்படி இருக்கலாம்:

"குடும்பத்தார் எல்லோருக்கும் ஒரு துயரச் செய்தி.

அம்பாசமுத்திரம் … அவர்களின் மனைவி, செம்பூர் … பாட்டி, இன்று வியாழக்கிழமை அதிகாலை 4.10க்கு எங்கள் வீட்டில் அமைதியாகக் காலமானார். நாங்கள் எல்லோரும் உடன் இருந்தோம். இறுதிச் சடங்கு எப்போது, எங்கே என்பதை காலை 9 மணிக்குள் இங்கேயே நான் தெரிவிக்கிறேன். அதுவரை எது கேட்பதானாலும் … அண்ணனின் எண்ணில் கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் இப்போது போனில் பேசும் நிலையில் இல்லை. இன்னும் சிலருக்கு நேரில் சொல்ல வேண்டியிருப்பதால், தயவுசெய்து இப்போதைக்கு ஸ்டேட்டஸிலோ வேறு குரூப்பிலோ போட வேண்டாம்."

முதல் வரி ஏன் அப்படி இருக்கிறது என்றால், பூட்டிய போன் திரையில் ஓரிரு வரிகள்தான் தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரோ, ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பவரோ அந்த வரியைப் பார்த்து, ஓரமாக வந்து உட்கார்ந்து, பிறகு திறப்பார். முழுப் பெயரும் தாத்தாவின் பெயரும் ஏன் என்றால், 64 பேர் உள்ள குரூப்பில் 'பாட்டி' என்று மட்டும் போட்டால் குறைந்தது மூன்று வீட்டில் "எந்தப் பாட்டி?" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களுக்குப் பாட்டி, இன்னொருவருக்குச் சித்தி, வேறொருவருக்குப் பெரியம்மா.

'காலமானார்' என்பது எல்லோருக்கும் பொதுவாகப் பொருந்தும், மென்மையான சொல். உங்கள் வீட்டு வழக்கப்படி 'இறைவனடி சேர்ந்தார்', 'சிவபதவி அடைந்தார்', 'வைகுண்ட பதவி அடைந்தார்' என்றும் எழுதலாம். ஆனால் 'எங்களை விட்டுப் போய்விட்டார்', 'இனி நம்மோடு இல்லை' போன்ற வரிகளைத் தவிருங்கள். தமிழ் மெதுவாகப் படிக்கும் சிறுவர்களும், அரைத்தூக்கத்தில் படிக்கும் பெரியவர்களும் அதைப் பார்த்துவிட்டு "எங்கே போனார்?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

காரணம் எவ்வளவு சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் எதுவும் சொல்லத் தேவையில்லை. கடைசி இரண்டு நாளில் என்ன ஆனது, ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை என்பதையெல்லாம் குரூப்பில் தொடங்கிவிடாதீர்கள். "டயாலிசிஸ் பண்ணியிருக்கலாமே" என்று ஒருவர் கேட்டால் இருபது பேர் அதற்குப் பதில் சொல்வார்கள், அதை அம்மா படிப்பார். "அதை அப்புறம் பேசலாம்" என்று ஒரு வரி போதும்.

இரண்டாவது செய்தி துக்கம் பேச வேண்டியதில்லை, தெளிவாக இருந்தால் போதும்:

"பாட்டியின் இறுதிச் சடங்கு, வியாழன் காலை 8.40 நிலவரம். இன்று வியாழன் மாலை 5 மணிக்கு (இந்திய நேரம்) வீட்டிலிருந்து எடுக்கிறோம். தகனம் செம்பூர் மயானத்தில், 6 மணிக்கு. காலை 11 மணி முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பார்க்கலாம். முகவரி … லொகேஷன் கீழே. ரயிலில் வருபவர்கள் குர்லா எல்டிடியில் இறங்கினால் வீடு பக்கம். புறப்படும் விவரத்தை … அண்ணனுக்கு அனுப்புங்கள். வர முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், காரியத்துக்கான தேதியைப் பிறகு சொல்கிறோம்."

எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி "எடுப்பு எப்போ?" என்பதுதான். அதில்தான் தவறும் நடக்கிறது. எடுக்கும் நேரம் வேறு, மயானத்தில் சேரும் நேரம் வேறு. இரண்டையும் எழுதுங்கள். கிழமையைக் கட்டாயம் எழுதுங்கள். தாத்தாவின் செய்தி ராத்திரி 12.40க்கு 'நாளை காலை' என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் மனதில் நாள் இன்னும் மாறவில்லை. படித்தவர்களில் பாதிப்பேருக்கு நாள் மாறிவிட்டது. பாட்டியின் தம்பி தாமதமாக வந்ததற்கு அந்த ஒரு சொல்லே காரணமாக இருந்திருக்கலாம்.

நேரம் மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். திருத்தினால் யாருக்கும் புதிதாக மணி அடிக்காது, ஏற்கெனவே படித்தவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பழையதை எல்லோருக்குமாக நீக்கிவிட்டு, 'நேரம் மாறியுள்ளது' என்று தொடங்கி முழு விவரத்தையும் புதிதாகப் போடுங்கள். வேறு குரூப்புகளுக்கு ஃபார்வர்டு ஆன பழைய பிரதி நீங்காது. அதனால்தான் 'காலை 8.40 நிலவரம்' என்ற குறிப்பு: இரண்டும் கையில் கிடைத்தாலும் எது புதிது என்று தெரியும். கடைசிச் செய்தியை மேலே பின் செய்து வையுங்கள். இரங்கல் செய்திகள் வந்து குவிந்தாலும் அது மேலேயே நிற்கும். யாரும் எதுவும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வர முடியாத உறவுகளுக்கு அழ இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

முகவரியோடு உள்ள செய்தி எங்கெங்கோ போகும் என்பதால், அப்பாவின் எண்ணை அதில் போட வேண்டாம். பாட்டியின் உடலைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். வர முடியாத பிள்ளை யாராவது பார்க்க வேண்டும் என்றால், அவருக்கு மட்டும் வீடியோ காலில் காட்டுங்கள்.

பாட்டியின் போன்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சில வருடம் முன்பு சயானில் ஒரு வீட்டில் இருந்தேன். இறந்தவரின் போன் டிவி பக்கத்தில் சார்ஜில் இருந்தது. அவரும் அந்தக் குடும்பக் குரூப்பில் இருந்தார். இரங்கல் செய்தி ஒவ்வொன்றும் வர வர அந்த போன் 'டிங்' என்றது. ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு மணி நேரம் யாருக்கும் அதை எடுத்துச் சத்தத்தைக் குறைக்கத் தோன்றவில்லை.

பாட்டியின் போனும் குரூப்பில் இருந்தால், முதல் செய்தி போடும் முன் அதைச் சைலன்டில் வையுங்கள். அணைக்க வேண்டாம், அதில்தான் வங்கி ஓடிபி வரும். குரூப்பிலிருந்து அவரை யாரும் உடனே நீக்கவும் வேண்டாம். 'பாட்டி நீக்கப்பட்டார்' என்று திரையில் வரும் வரியை அத்தை பார்க்க வேண்டியதில்லை. பதினாறாம் நாள் முடிந்து, அத்தையிடமே கேட்டு, பிறகு செய்யலாம். பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அந்த குரூப்பில் இருக்கும். எந்த நாளில் எது என்று குறித்து, இப்போதே அவற்றை உங்கள் போனில் தனியாகச் சேமித்துவிடுங்கள்.